இன்சுலின் பேனா இல்லை இது: எலும்பு ஊசியின் முதல் வாரம், தொடையில் போடுவது முதல் ஃபிரிட்ஜில் வைப்பது வரை

எங்கள் வீட்டில் ஊசி ஒன்றும் புதிதில்லை. அப்பா 12 வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். காட்பாடி காந்தி நகரில் எங்கள் தெருவில் யாருக்காவது டாக்டர் புதிதாக இன்சுலின் எழுதினால், முதல் நாள் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அதனால் அம்மாவுக்கு முதுகெலும்பில் ஒரு எலும்புக் கட்டை நசுங்கி, எலும்பைக் கட்டும் டெரிபாராடைட் என்ற தினசரி ஊசியை டாக்டர் எழுதியபோது, அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதுவும் பேனாதானே, இன்னா பெரிய விஷயம்? நான் போட்டு வுடறேன்" என்றார்.

முதல் வாரத்தில் நாங்கள் செய்த தப்புகள் பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தவை. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி பேனா. மாட்டும் ஊசிகூட ஒரே மாதிரி. ஆனால் இன்சுலினில் பழகிய கை இங்கே தவறாகப் பழகிய கை. வேலூர்ப் பக்கம் சர்க்கரை இல்லாத வீடு குறைவு என்பதால், இந்த எலும்பு ஊசியை ஆரம்பிக்கும் பல வீடுகளில் ஏற்கெனவே ஒரு இன்சுலின்காரர் இருப்பார். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன், ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த ஹார்மோன் 84 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதன் முதல் 34 கண்ணிகளை மட்டும் எடுத்துச் செய்த மருந்துதான் டெரிபாராடைட். அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஹார்மோன் நாள் முழுக்க ரத்தத்தில் அதிகமாகவே இருந்தால் எலும்பு கரையும். அதையே ஒரு நாளைக்கு ஒரு முறை, சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும்படி கொடுத்தால் எலும்பு கட்டும் செல்கள் விழித்துக்கொள்ளும். தோலுக்கடியில் போட்ட அரை மணி நேரத்தில் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது. சில மணி நேரத்தில் போய்விடுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் மருந்தே. தினமும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று டாக்டர் அடித்துச் சொல்வது இதனால்தான். தலைசுற்றலும் பெரும்பாலும் அந்த ஏற்றத்தின் நேரத்தையொட்டியே வருகிறது என்பதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

ஊசியை ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை சில: எலும்பின் மேல் எப்போதாவது கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால், புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால், பேஜெட் என்ற எலும்பு நோய் இருப்பதாகச் சொல்லியிருந்தால், ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே அதிகம் என்றால், சிறுநீரகக் கல் இருந்தால், இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிட்டால். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தும் சீட்டில் இந்த ஊசி இருக்கிறது என்றால், போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குளிர்: முதல் பேனாவை நாங்கள் வீணடித்த கதை

எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபிரிட்ஜைப் பற்றிப் பேச வேண்டும். ஊசி போடுவதற்கு முன்பே எங்களுக்கு ஒரு பேனா போய்விட்டது.

இந்தப் பேனா 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். திறப்பதற்கு முன்னும் அப்படித்தான், திறந்த பின்னும் அப்படித்தான். இன்சுலின் வீட்டுக்காரர்கள் சறுக்கும் முதல் இடம் இது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாவை அப்பா மேசை டிராயரில் வைத்திருப்பார், அது சரிதான். இன்சுலினில் பல வகைகளை ஆரம்பித்த பிறகு வெளியே வைத்துக்கொள்ளலாம். எலும்பு ஊசிக்கு அந்தச் சலுகை கிடையாது. போட்டு முடித்ததும் மூடியைப் போட்டு உடனே ஃபிரிட்ஜுக்குத் திரும்ப வேண்டும். மே மாதத்து வேலூரில் நம் அறை வெப்பத்தை 'அறை வெப்பநிலை' என்று எந்த மருந்து அட்டையும் நினைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

சரி, சூட்டுக்குப் பயந்து நாங்கள் எதிர்ப்பக்கம் போய் விழுந்தோம். எங்களுடையது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மேலே ஃப்ரீஸர், அதற்கு நேர் கீழே பால் பாக்கெட் வைக்கும் தட்டு. குளிர் நன்றாக இருக்குமே என்று அம்மா பேனாவை அந்தத் தட்டில் பாலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மறுநாள் காலையில் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் உள்ளே மொறுமொறுவென்று ஐஸ். பேனாவைப் பார்த்தால் மருந்து தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அது ராத்திரி உறைந்து காலையில் இளகியதா, உறையவே இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு தடவை உறைந்துவிட்டால், இளகிய பிறகு பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதைப் போடக் கூடாது. மருந்துக் கடைக்காரரைக் கேட்டேன். "சந்தேகம் வந்துட்டா தூக்கிப் போட்டுடுங்கம்மா" என்றார். மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டு குப்பைக்குப் போனது.

அதற்கப்புறம் நான் செய்தது: சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்தேன். தண்ணீரில் வைப்பது ஏனென்றால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் காற்றின் சூடு ஏறி இறங்கும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. காலையில் 5 டிகிரி காட்டியது. அந்த இடம்தான் பேனாவுக்கு. பின்சுவரை ஒட்டாமல், கதவிலும் இல்லாமல், ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். பின்சுவரில் ஐஸ் படியும். கதவில் வைத்தால் மோர் எடுக்க வருகிறவர்கள், சட்னி வைக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சூடாக்குவார்கள்.

டப்பா இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். அப்பாவின் புது இன்சுலின் பேனாக்களும் அதே ஃபிரிட்ஜில்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு சர்க்கரை இல்லை. இருட்டில் கை மாறி அவருக்கு இன்சுலினைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவின் டப்பாவில் சிவப்பு ரப்பர் பேண்ட், மேலே மார்க்கரில் அவர் பெயர். அப்பாவுடையது கீழே காய்கறிக்கு மேல் தட்டில். ஒரே தட்டில் இரண்டும் இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

கடையில் வாங்கும்போதே இந்தக் கவனம் தேவை. கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறாரா என்று பாருங்கள். அலமாரியிலிருந்து எடுத்தால் வாங்காதீர்கள். குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வேலூர் வந்து வாங்கிப் போகிறவர்கள் தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் ஜெல் பையும் கொண்டு வர வேண்டும். மதிய பஸ்ஸில் ஜன்னலோரம் வெறும் கவரில் வைத்துக்கொண்டு போகும் மருந்து இல்லை இது. ஆனால் ஜெல் பை பேனாவை நேராகத் தொடக் கூடாது. ஃப்ரீஸரிலிருந்து வந்த பை, தொட்ட இடத்தில் மருந்தை உறைய வைத்துவிடும். பேனாவை அட்டைப்பெட்டியோடு ஒரு துண்டில் சுற்றி, நடுவில் அந்தத் துணி இருக்கும்படி வையுங்கள்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் தாங்கும். "மருந்து சில்லுன்னு இருக்குதா பாரு" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பதுதான் அதைக் கெடுக்கும் வழி. அதற்கு மேல் கரண்ட் வராவிட்டால் அந்த தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றுங்கள்.

பேனாவைக் கையில் எடுத்துத் தொடையில் போடுவது

அம்மா இரண்டாவது பேனாவை மே 6ஆம் தேதி ஆரம்பித்தார். எங்களுக்குக் கிடைத்தது மருந்து ஏற்கெனவே நிரப்பி வந்த, அளவு மாறாத பேனா. ஒவ்வொரு தடவையும் 20 மைக்ரோகிராம், அதாவது 0.08 மில்லி. ஒரு பெரிய துளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வேறு வகைகளும் விற்கின்றன. மருந்துக் குழாயைத் தனியாக வாங்கி, திரும்பப் பயன்படுத்தும் பேனாவில் போடும் வகை உண்டு. திருகி அளவு வைக்கும் வகை உண்டு. சிலவற்றில் முதல் தடவை மருந்தைக் கொஞ்சம் வெளியே விட்டுச் சோதிக்கச் சொல்வார்கள். எங்களுடையதில் அது கிடையாது. அப்பா பழக்கதோஷத்தில் இன்சுலின் மாதிரி இரண்டு யூனிட்டை மேலே அடித்துப் பார்க்கத் தேடினார். இதில் யூனிட்டே இல்லை. அதனால் உங்கள் பெட்டியில் இருக்கும் தாளை முதலில் படியுங்கள். நான் கீழே சொல்வது எங்கள் வகைக்கு; தொடையைப் பற்றியும் உட்காருவதைப் பற்றியும் சொல்வது எல்லா வகைக்கும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேனாவின் மேல் பெயரையும் காலாவதித் தேதியையும் வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேனா இருப்பதால் இது சடங்கு இல்லை. மருந்து தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ, துகள் மிதந்தாலோ வேண்டாம். குழாய்க்குள் சின்னக் காற்றுக் குமிழ் தெரிந்தால் அது பரவாயில்லை. அளவும் மாறாது, கெடுதலும் இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே போடலாம். சிலுசிலுப்பாக இருக்கிறதே என்று அரை மணி நேரம் மேசையில் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு தடவையும் புது ஊசி. பேனா முனையில் இருக்கும் ரப்பரை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, ஊசியை நேராக வைத்துத் திருகி மாட்டுங்கள். சாய்ந்து மாட்டினால் பிறகு மருந்து இறங்காது. அடுத்து, பின்பக்கக் கறுப்புப் பொத்தானை வெளியே இழுக்க வேண்டும், நிற்கும் வரை. இழுத்ததும் ஒரு சிவப்புக் கோடு தெரியும். கோடு தெரிந்தால்தான் அளவு நிரம்பியிருக்கிறது. அம்மாவின் விரல்களில் பலம் இல்லை, பாதி இழுத்து விட்டுவிடுவார். அதனால் இழுப்பது மட்டும் என் வேலை, குத்துவது அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

இப்போது தொடை. உட்கார்ந்தபடி, முழங்காலுக்கு மேல் ஒரு கையகலம் விடுங்கள். இடுப்பு மடிப்புக்குக் கீழே ஒரு கையகலம் விடுங்கள். நடுவில் மிச்சமிருப்பதில் முன்பக்கமும் வெளிப்பக்கமும்தான் நமக்கு. உள்தொடை வேண்டாம், அங்கே ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அதிகம். தழும்பு, மச்சம், பழைய காயத்தின் நீலம் இருந்தால் தள்ளிப் போங்கள். புடவைக்கு மேலேயோ நைட்டிக்கு மேலேயோ குத்தக் கூடாது. துடைத்த ஆல்கஹால் காய்ந்த பிறகு குத்துங்கள்; ஈரத்தோடு குத்தினால் சுருக்கென்று எரியும். அம்மா முதல் நாள் கத்தியது ஊசிக்கு இல்லை, அந்த எரிச்சலுக்குத்தான்.

மருந்து தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பில் போக வேண்டும், சதையில் போகக் கூடாது. அம்மா 42 கிலோ. இப்படி மெலிந்தவர்களுக்குத் தொடையில் கொழுப்புக் குறைவு. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை ஒரு மடிப்பாகத் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்பில் நேராகக் குத்தினோம். எங்களுடையது 5 மில்லிமீட்டர் ஊசி. நீளமான ஊசி கிடைத்தால் மடிப்பு இன்னும் அவசியம். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியில் சிஸ்டரிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்.

குத்தியதும் பொத்தானை முழுக்க உள்ளே அழுத்தி, அழுத்தியபடியே மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள். "ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு" என்று ஒரே மூச்சில் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மூச்சு. அளவே ஒரு துளி என்பதால், அவசரமாக எடுத்தால் அதில் நல்ல பங்கு தோலுக்கு மேலேயே நின்றுவிடும். ஊசியை எடுத்த பிறகு பொட்டு அளவில் ஈரம் தெரிந்தால் அதற்காக இன்னொரு தடவை போட வேண்டாம். பஞ்சால் லேசாக அழுத்துங்கள், தேய்க்காதீர்கள்.

மருந்து போனதா என்று எப்படித் தெரியும்? பொத்தான் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். பொத்தானுக்கும் பேனாவுக்கும் நடுவே மஞ்சள் தண்டு தெரியக் கூடாது. தெரிந்தால் அழுத்தம் முடியவில்லை என்று அர்த்தம். பொத்தான் நகரவே மறுத்தால் பெரும்பாலும் ஊசி அடைத்திருக்கும் அல்லது கோணலாக மாட்டியிருக்கும். எதுவாக இருந்தாலும், பாதி போனதா முழுசாகப் போனதா என்று தெரியாத நாளில் இரண்டாவது தடவை குத்தாதீர்கள். அன்றைக்கு விட்டுவிட்டு, பேனாவைச் சரிசெய்வது எப்படி என்று பெட்டித் தாளைப் பாருங்கள், மறுநாள் வழக்கமான நேரத்தில் தொடருங்கள். காலையில் மறந்துவிட்டது, மதியம் ஞாபகம் வந்தது என்றால் அன்றைக்கே போடலாம். நேற்றையதையும் சேர்த்து இன்று இரண்டு என்பது மட்டும் கிடையாது.

முடிந்ததும் ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் பேனாவை வைக்க வேண்டும். ஊசியோடு வைத்தால் மருந்து கசியும், காற்றும் உள்ளே போகும். கழற்றிய ஊசி எங்கள் வீட்டில் ஒரு கெட்டியான பினாயில் பாட்டிலுக்குள் போகிறது. முக்கால்வாசி நிரம்பினால் மூடியை டேப் போட்டு ஒட்டி, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொடுத்துவிடுவோம். குப்பை எடுக்க வரும் பெண்ணின் கையில் அது குத்தக் கூடாது.

மறுநாள் மறு தொடை. அம்மாவின் காலண்டரில் வலது நாளுக்கு 'வ', இடது நாளுக்கு 'இ'. ஒரே தொடையிலும் போன தடவை குத்திய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. வயிற்றிலும் போடலாம் என்று தாளில் இருக்கிறது; அம்மாவுக்கு அப்பாவின் வயிற்றில் இன்சுலின் போட்டுப் போட்டு வந்த கட்டிகளைப் பார்த்துப் பார்த்து அது பிடிக்கவில்லை.

உட்கார்ந்துகொள்ளுங்கள்

இங்கேதான் நாங்கள் மோசமாகத் தவறினோம்.

இன்சுலின் போட்டதும் அப்பா எழுந்து போய் இட்லி சாப்பிடுவார். அது பழகிய காட்சி. எலும்பு ஊசியில் சாப்பாட்டுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. முன்னால் சாப்பிட்டாலும் பின்னால் சாப்பிட்டாலும் ஒன்றுதான். ஆனால் எழுவதற்கு சம்பந்தம் உண்டு. இந்த மருந்து ரத்தக்குழாய்களைக் கொஞ்சம் தளர்த்துகிறது. உட்கார்ந்தவர் திடீரென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கி, தலைக்குப் போவது ஒரு நிமிடம் குறையும். இது எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் பெரும்பாலும் முதல் சில ஊசிகளில், போட்ட 4 மணி நேரத்துக்குள் வரும், தானாகச் சரியாகிவிடும். எலும்பு பலமில்லாதவருக்குத் தலைசுற்றலைவிட, அதனால் விழும் விழுகைதான் பயம்.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் பக்கத்திலேயே இருந்து போடவைத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்றும் ஆகாததே எங்களுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது.

இரண்டாம் நாள் வீட்டில். அம்மா காலை 7:30க்கு வழக்கமான பிரஷர் மாத்திரை போட்டார். 7:45க்கு ஊசி. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். எனக்கு போன் வந்தது, முற்றத்துக்குப் போனேன். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அம்மா எழுந்துவிட்டார். 8:10 இருக்கும். "கண்ணு, இருட்டிக்கினு வருது" என்று சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, அப்பா அங்கே இருந்தார். தரையிலேயே படுக்கவைத்தோம். முதுகு நசுங்கியவர் என்பதால் காலை நேராகத் தூக்காமல், முழங்காலை மடக்கித் தலையணை கொடுத்தோம். நெற்றியில் வியர்வை, நெஞ்சு படபடப்பு. படுத்த நிலையில் பிரஷர் 124/76. கால் மணி நேரம் கழித்து மெல்ல நிற்கவைத்து, ஒரு நிமிடத்தில் பார்த்தால் 102/64. மேல் எண் 22 இறங்கியிருந்தது. எழுந்து நின்றதும் மேல் எண் 20ஓ அதற்கு மேலோ, கீழ் எண் 10ஓ அதற்கு மேலோ இறங்கினால் அதை டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து மணிக்குள் அம்மா சாதாரணமாகிவிட்டார், அன்று மதியம் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்தார்.

டாக்டரிடம் எண்களை அப்படியே சொன்னேன். ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரையும் ஊசியும் ஒரே நேரத்தில் சேருவதைப் பிரிக்கச் சொன்னார். மாத்திரை காலையிலேயே இருக்கட்டும், ஊசி வேறு நேரத்துக்குப் போகட்டும் என்றார். நேரம் எதுவானாலும் சரி, தினமும் ஏறக்குறைய அதே நேரமாக இருந்தால் போதும்.

இதைக் கேட்டால் எல்லோரும் சொல்வது, "ராத்திரி படுக்கும்போது போட்டுடுங்க, படுத்தே இருப்பாங்க." எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அம்மா பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, இரண்டுக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க எழுவார். அரைத் தூக்கம், இருட்டு, ஈரமான பாத்ரூம் தரை, அதுவும் அந்த 4 மணி நேரத்துக்குள். அதைவிட மோசமான நேரம் இல்லை. ராத்திரி எழாத ஆளாக இருந்தால் அது நல்ல யோசனைதான்.

நாங்கள் சாயங்காலம் 7 மணியைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் மருத்துவம் இல்லை, சீரியல். ஏழு மணிக்கு அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்தால் எட்டரை வரை எழ மாட்டார். எங்கள் வழக்கம் இதுதான்: 6:45க்கு பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், இதை நானே பார்ப்பேன். கைப்பிடி வைத்த நாற்காலி, பாய் கிடையாது. பாயிலிருந்து எழுவது முதுகுக்கும் கெடுதல், எழும் தூரமும் அதிகம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீர். போட்ட பிறகு முதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோ சாய்ந்தோ இருக்க வேண்டும். எழும்போது முதலில் காலை நான்கைந்து தடவை ஆட்டி, நாற்காலியைப் பிடித்து நின்று, பத்து எண்ணி, அப்புறம்தான் நடை. முதல் வாரம் முழுக்க, எழுந்த ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதினேன். நான்காம் நாள் 12 இறங்கியது, ஆறாம் நாள் 6. அதற்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன், உட்காருவதை விடவில்லை.

மயக்கம் வந்தால் நிற்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், படுக்கவையுங்கள். நாள் போகப் போகக் குறையாமல் கூடினால், அடுத்த ஊசிக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். நினைவு தப்பினால், நெஞ்சு வலித்தால், விழுந்து புதிதாக முதுகோ இடுப்போ வலித்தால் 108.

கால்சியம் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு கணக்கு

ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் ஏறும். 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சம், 16 மணி நேரம் ஆனால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் ரத்தம் கொடுப்பது ஊசி போட்டு 16 மணி நேரமாவது ஆன பிறகு, அடுத்த ஊசிக்கு முன்னால். மாலை 7 மணிக்காரரான அம்மாவுக்கு அது மறுநாள் காலை 11 மணிக்கு மேல் என்று ஆகிறது. லேபுக்குக் காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இது வினோதமாக இருக்கும். ஆறு மணிக்குக் கொடுத்தால், இல்லாத கால்சியம் ஏற்றத்தைக் கண்டு கால்சியம் மாத்திரையை நிறுத்த நேரிடலாம். ஓயாத குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடித்துப் போட்ட மாதிரி சோர்வு என்று இவை நிலைத்து நின்றால், பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். காலில் கெண்டை இழுப்பது வேறு, அது இந்த மருந்தில் சாதாரணமாக வரக்கூடியதுதான், சொல்லி வையுங்கள்.

மொத்த சிகிச்சை வழக்கமாக 2 வருடத்துக்கு மேல் போகாது. முடிந்ததும், கட்டிய எலும்பு கரையாமல் பிடித்து வைக்க வேறு ஒரு மருந்தை டாக்டர் ஆரம்பிப்பார். அந்த இடைவெளியில் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடாதீர்கள்.

28ஆம் நாள்

பேனாவைத் திறந்த அன்றே மேலே இரண்டு தேதி எழுதினேன்: ஆரம்பம் மே 6, கடைசி ஜூன் 2. 28 நாள். ஜூன் 2ஆம் தேதி ஊசி போட்டு முடித்ததும் அம்மா பேனாவை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இன்னும் இருக்குதே இதுல! ரெண்டு நாளைக்கு வரும்போல இருக்குது."

உண்மைதான், இருந்தது. எங்கள் பேனாவில் 2.4 மில்லி மருந்து. 28 தடவை 0.08 போட்டால் 2.24 செலவாகிறது. மிச்சம் 0.16. கணக்குப்படி இரண்டு ஊசி. அது பேனா சரியாக இயங்குவதற்காக விட்டுவைத்த மிச்சம், நமக்கான லாபம் இல்லை. திறந்து 28 நாள் ஆன மருந்தின் வீரியத்துக்கும் சுத்தத்துக்கும் அதற்கு மேல் பொறுப்பு கிடையாது. அப்பா வேறு, இன்சுலின் சிரிஞ்சில் அதை உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று வழி சொன்னார். சிரிஞ்சுக்கு மாற்றவே கூடாது, அளவு மாறிவிடும்.

அம்மா மனசில்லாமல் பேனாவைக் கொடுத்தார். மூடிக்குள் அந்த 0.16 மில்லியோடு அது பினாயில் பாட்டில் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் பையில் போனது. ஜூன் 3ஆம் தேதிக்கான புதுப் பேனா, சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட டப்பாவில், நடுத்தட்டில் இருந்தது.